40 உருப்படி, 544 கிலோ

2025 மே 16, வெள்ளிக்கிழமை. தேனியில் எங்கள் கடை வாசலில் லாரி ஆபீஸ் வண்டி வந்து நின்றபோது காலை பத்து மணி தாண்டியிருந்தது. சிவகாசியிலிருந்து நோட்டு வர வேண்டிய நாள். ஜூன் 2-ஆம் தேதி பள்ளிக்கூடம் திறப்பு. நோட்டுக் கடைக்காரர்களுக்கு வருஷத்தில் பாதி வியாபாரம் அதை ஒட்டிய மூன்று வாரத்தில்தான்.

லோடுமேன்கள் இறக்க ஆரம்பித்ததும், ஒரு வரிசைக்கு ஆறு பெட்டியாக அடுக்கச் சொன்னேன். கண்டபடி குவித்துவிட்டு எண்ணினால் மூன்று பேர் மூன்று கணக்குச் சொல்வார்கள். ஆறு ஆறாக நின்றால் யார் பார்த்தாலும் ஒரே கணக்குத்தான். கடைசிப் பெட்டி இறங்கியபோது சரியாக ஆறு வரிசை இருந்தது. 36. பில்லில் 40.

டிரைவர் கையெழுத்துத் தாளை நீட்டினார். "அக்கா, ஆபீஸ்ல நாப்பதுன்னுதான் ஏத்துனாங்க. கையெழுத்தைப் போடுங்க, மீதி மத்தியான வண்டில வந்துரும்."

வந்தாலும் வரலாம். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன்பு இதே போன்ற ஒரு காலையில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்று இரண்டு பெட்டி ஜாமெட்ரி பாக்ஸ் குறைந்தது. மத்தியான வண்டியில் எதுவும் வரவில்லை. கேட்கப் போனால், முழு உருப்படியும் வாங்கியதாக என் கையெழுத்தையே எடுத்துக் காட்டினார்கள். அனுப்பியவரும் அதே தாளைக் காட்டினார். அந்தப் பணம் போனது போனதுதான். அதனால் இந்தத் தடவை தாளை வாங்கி, கையெழுத்துக்கு மேலே எழுதினேன்: "36 உருப்படி மட்டும் வந்தது. 4 குறைவு. வந்த பெட்டிகள் உடையவில்லை. 16-5-25, காலை 10.40." டிரைவரையும் அதன் கீழே கையெழுத்துப் போடச் சொன்னேன். கொஞ்சம் தயங்கிவிட்டுப் போட்டார். அவர் பேரில் தப்பில்லை என்பதற்கும் அந்த வரிதான் சாட்சி என்று சொன்னேன். அது உண்மையும்கூட. பிறகு அந்தத் தாளையும், ஆறு வரிசையாக நின்ற பெட்டிகளையும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் சிவகாசி அண்ணாச்சிக்கு நான் எழுதிய கடிதத்தைப் பற்றித்தான் இதைச் சொல்ல வந்தேன். அப்பா காலத்திலிருந்து நாங்கள் நோட்டு வாங்குவது அவரிடம்தான். அவரைக் குற்றவாளியாக்காமல், அதே சமயம் 4 பெட்டியையும் விட்டுக்கொடுக்காமல் எழுத வேண்டியிருந்தது. கடிதத்தில் ஒரு வரி எழுதும் முன்பு எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அந்த நாலு பெட்டி எந்த இடத்தில் காணாமல் போனது?

போக மூன்று இடம் உண்டு. அண்ணாச்சியின் கிடங்கிலிருந்து ஏறாமலே இருந்திருக்கலாம். வழியில், அதாவது சிவகாசி லாரி ஆபீஸில் புக் ஆனதிலிருந்து இங்கே இறங்கும் வரைக்குள் போயிருக்கலாம். பார்சல் லாரியில் சரக்கு ஒரே வண்டியில் வருவதில்லை. நடுவில் ஒரு பெரிய கிடங்கில் இறக்கி, ஊர் வாரியாகப் பிரித்து, வேறு வண்டியில் ஏற்றுவார்கள். அங்கே நாலு பெட்டி வேறு ஊர்க் குவியலில் சேர்ந்துவிடுவது அபூர்வம் இல்லை. மூன்றாவது இடம் என் கடை. நானோ கடைப் பையனோ எண்ணியதில் பிழை இருக்கலாம். இந்த மூன்றாவதை முதலில் ஒழித்துக்கட்டாமல் மற்றவரைக் கேட்க எனக்கு உரிமை கிடையாது. அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலமே, கடை கொஞ்சம் ஓய்ந்ததும், பில்லை வைத்துக்கொண்டு பெட்டி பெட்டியாகப் பார்த்தோம்.

நான் கேட்டிருந்தது 192 பக்க கிங் சைஸ் நோட்டு, பெட்டிக்கு 60. கோடு போட்டது 26 பெட்டி, கோடு போடாதது 14 பெட்டி. வந்திருந்ததில் கோடு போட்டது 26-உம் அப்படியே இருந்தது. கோடு போடாதது 10. குறைந்த நாலும் ஒரே ரகம்.

இது சின்ன விஷயம் இல்லை. பெட்டிகள் வெளியே பார்க்க எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். பக்கவாட்டில் ஒரு சின்னச் சீட்டில்தான் ரகம் எழுதியிருக்கும். வழியில் தவறியவையோ களவு போனவையோ என்றால் இரண்டு ரகமும் கலந்து போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். லோடுமேன் சீட்டைப் படித்துப் படித்தா எடுப்பார்? நாலும் ஒரே ரகமாக இருந்தால், அந்த ரகம் அங்கே தயாராகாமல் இருந்திருக்குமோ என்ற எண்ணம் வரும். ஆனால் எண்ணம் வரலாமே தவிர, அதையே முடிவாக வைத்துக்கொள்ள முடியாது. ஒரு ரகப் பெட்டிகளை ஒன்றாக அடுக்கி ஏற்றியிருந்தால், ஓரத்திலிருந்து நாலு பெட்டி தவறும்போதும் ஒரே ரகமாகத்தான் போகும்.

அடுத்து ஒட்டுநாடா. அண்ணாச்சி வீட்டுப் பெட்டியில் பழுப்பு நாடா நடுவில் ஒரே ஓட்டமாக ஒட்டியிருக்கும். வழியில் பிரித்து மூடியிருந்தால் அதன்மேல் இன்னொரு நாடா இருக்கும், அல்லது கிழிந்த இடத்தில் அட்டையின் மேல்தோல் உரிந்திருக்கும். 36-இல் ஒன்றிலும் அப்படி இல்லை. ஆனாலும் ஒவ்வொரு பெட்டியையும் கடை எலெக்ட்ரானிக் தராசில் ஏற்றி எடை போட்டோம். ஒரு பெட்டியில் பத்து நோட்டு உருவியிருந்தால் இரண்டரைக் கிலோ வித்தியாசம் காட்டிவிடும். எல்லாப் பெட்டியும் 15 கிலோவுக்கும் 15 கிலோ 200-க்கும் நடுவில்தான் நின்றது. ஆக, வந்த பெட்டிகள் முழுசு. பிரச்சினை முழுதாகக் காணாத நாலு பெட்டி மட்டும்தான்.

அந்த எடையைக் குறித்து வைத்துக்கொண்டுதான் எல்.ஆர். காப்பியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். லாரி ரசீதைத்தான் எல்.ஆர். என்போம். நம்மில் பலர் அதில் பார்ப்பது இரண்டே இடம்: உருப்படி எத்தனை, வாடகை எவ்வளவு. உருப்படி என்ற கட்டத்தில் 40 என்று தெளிவாகவே இருந்தது. பக்கத்திலேயே எடைக்கு இரண்டு கட்டம். ஒன்று உண்மை எடை, இன்னொன்று வாடகை போடும் எடை. உண்மை எடை 544 கிலோ. வாடகை எடையை மேலே தூக்கி 550 என்று போட்டிருந்தார்கள். கிலோவுக்கு 4 ரூபாய், வாடகை 2,200 ரூபாய், டூ பே. அதை நான்தான் காலையில் கட்டியிருந்தேன்.

544-ஐ 15.1-ஆல் வகுத்துப் பார்த்தேன். 36.

40 பெட்டி தராசில் ஏறியிருந்தால் 604 கிலோ வந்திருக்க வேண்டும். வாடகையும் 610 கிலோவுக்கு 2,440 ரூபாய் ஆகியிருக்கும். 60 கிலோ என்பது தராசுப் பிழை இல்லை. ஒரே தாளில், ஒரே கையெழுத்தில், பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு கணக்கு இருந்தது. எண்ணிக்கை 40 என்றது. எடை 36 என்றது.

எதை நம்புவது? சிவகாசி லாரி ஆபீஸுக்கே போன் பண்ணி, எடை எப்படிப் போடுகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். இதைக் கேட்காமல் விட்டிருந்தால் என் கணக்கு காற்றில் நின்றிருக்கும். ஏனென்றால் சில ஆபீஸ்களில் எடையைக் கண்ணளவாகப் போட்டுவிடுவார்கள். சிலர் உருப்படிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குவதால் எடைக் கட்டத்தில் ஏதோ ஒன்றை எழுதுவார்கள். அந்த மாதிரி இடத்து எல்.ஆர். எடையை வைத்துக்கொண்டு எதுவும் பேச முடியாது. இங்கே கிளார்க் சொன்னார்: "எடைக்குத்தானே வாடகை. எல்லாத்தையும் பிளாட்பாரத் தராசுல ஏத்தித்தான் போடுறோம். உருப்படி பார்ட்டி கொண்டு வர்ற பில்லைப் பாத்து எழுதுவோம்."

அதோடு முடிச்சு அவிழ்ந்தது. 40 என்பது பில்லைப் பார்த்து எழுதிய எண். 544 என்பது தராசு சொன்ன எண். புக்கிங் ஆகும்போதே 36 பெட்டிதான் இருந்திருக்கிறது.

இது எனக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், அண்ணாச்சியின் பில்லில் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி உண்டு. நம் ஊர் பில்களில் பெரும்பாலும் இருக்கும் வரிதான்: சரக்கு எங்கள் கிடங்கை விட்டுப் போன பின் எங்கள் பொறுப்பு இல்லை. அது வெறும் அச்சடித்த வரி இல்லை, சட்டத்திலும் அதற்கு அடிப்படை இருக்கிறது. 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவுப்படி, வாங்குபவருக்கு அனுப்பச் சொல்லி லாரிக்காரரிடம் சரக்கை ஒப்படைத்தாலே, வேறு விதமாகக் காட்டப்படாத வரை, அது வாங்குபவரிடம் ஒப்படைத்த மாதிரிதான். வழியில் நாலு பெட்டி போயிருந்தால் நான் அண்ணாச்சியிடம் போய் நிற்க முடியாது. லாரி ஆபீஸிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் அந்த வரி கிடங்கை விட்டுப் போன பெட்டிக்குத்தான் பொருந்தும். போகவே போகாத பெட்டிக்குப் பொருந்தாது. என் கடிதம் முழுக்க நிற்க வேண்டிய இடம் இந்த ஒன்றுதான் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

எழுதும் நாளையும் தள்ளிப்போடக் கூடாது. காரணம் இரண்டு. அண்ணாச்சி சிறுதொழிலாக உத்யம் பதிவு செய்திருக்கிற தயாரிப்பாளர். 2006-ஆம் வருஷத்து எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், நான் அதை ஏற்றுக்கொண்டதாகவே ஆகிவிடும். பணம் கட்ட வேண்டிய கெடு சரக்கு வந்த தேதியிலிருந்தே ஓடியதாகிவிடும். போனில் நூறு தடவை சொன்னாலும் அது எழுத்தாகாது. இன்னொன்று லாரி பக்கம். 2007-ஆம் வருஷத்துச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, சரக்கு காணாமல் போனதற்கு வழக்குப் போட வேண்டுமானால், புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் லாரிக்காரருக்கு எழுத்தில் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். அந்தச் சட்டம் எல்.ஆர். ரசீதில் உள்ள எண்ணிக்கைக்கும் எடைக்கும் முதல்நிலைச் சாட்சியம் என்ற மதிப்புத் தருகிறது. என் கணக்குப்படி லாரி ஆபீஸ் பேரில் தப்பு இல்லை. ஆனால் என் கணக்கு தப்பாகிப் போனால்? நாளைக்கு அண்ணாச்சி, 40 பெட்டி தராசில் ஏறியதற்கு வேறு சாட்சி காட்டினால்? அதனால் கடிதத்தின் நகலை லாரி ஆபீஸுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புவது என்று முடிவு செய்தேன்.

17-ஆம் தேதி சனிக்கிழமை ராத்திரி எழுதிய கடிதம் இது. பெயர்களையும் முகவரிகளையும் மட்டும் எடுத்துவிட்டேன்.

"மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு, வணக்கம்.

பொருள்: 13-5-2025 தேதி பில் எண் 214-இல் கோடு போடாத நோட்டு 4 பெட்டி வந்து சேராதது பற்றி.

மேற்படி பில்லில் கண்ட 192 பக்க கிங் சைஸ் நோட்டு, 14-5-2025 அன்று சிவகாசியில் புக் செய்யப்பட்டு, 16-5-2025 காலை 10.40-க்கு எங்கள் கடையில் இறக்கப்பட்டது. பில்லில் 40 பெட்டி. எங்களுக்கு வந்தது 36 பெட்டி. கோடு போட்டது 26-உம் முழுமையாக வந்துவிட்டது. கோடு போடாதது 14-க்கு 10 மட்டுமே வந்தது.

இறக்கும்போதே எண்ணி, குறைவை லாரி ஆபீஸ் தாளில் எழுதி, வண்டி டிரைவரின் கையெழுத்தும் வாங்கியிருக்கிறோம். வந்த 36 பெட்டியிலும் நாடா பிரிக்கப்பட்ட அடையாளம் இல்லை. ஒவ்வொன்றையும் எடை போட்டதில் 15 கிலோ முதல் 15 கிலோ 200 வரை இருந்தது.

எல்.ஆர். ரசீதில் உருப்படி 40 என்றும் உண்மை எடை 544 கிலோ என்றும் இருக்கிறது. பெட்டிக்குச் சராசரி 15.1 கிலோ வீதம் 36 பெட்டிக்கு 544 கிலோ வருகிறது. 40 பெட்டிக்கு 604 கிலோ வர வேண்டும். எடையைத் தராசில் போட்டதாகவும், எண்ணிக்கையைப் பில்லைப் பார்த்து எழுதியதாகவும் சிவகாசி லாரி ஆபீஸில் சொன்னார்கள். ஆகவே இந்த 4 பெட்டியும் புக்கிங்குக்கு வந்து சேரவில்லை என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. தங்கள் கிடங்கில் 14-ஆம் தேதி லோடு ஏற்றிய சீட்டையும், கோடு போடாத நோட்டின் இருப்பையும் ஒரு முறை பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வந்த 36 பெட்டியை ஏற்றுக்கொண்டோம். அதற்குரிய 64,800 ரூபாயும் ஜி.எஸ்.டி. 7,776 ரூபாயும் சேர்த்து 72,576 ரூபாயை வழக்கம்போல் 30 நாள் கெடுவுக்குள் அனுப்பிவிடுகிறேன். வராத 4 பெட்டிக்கான 7,200 ரூபாயையும் ஜி.எஸ்.டி. 864 ரூபாயையும், மொத்தம் 8,064 ரூபாயை, இந்த விஷயம் தீரும் வரை நிறுத்தி வைக்கிறேன்.

24-5-2025-க்குள் இரண்டில் ஒன்றைச் செய்து தர வேண்டுகிறேன். 4 பெட்டியையும் இதே பில்லைக் குறிப்பிட்டு அனுப்பி வைக்கலாம். அல்லது 8,064 ரூபாய்க்கு இந்தப் பில் எண் போட்டு கிரெடிட் நோட் தரலாம். எது என்பதைத் தாங்களே சொல்லுங்கள்.

பில், எல்.ஆர்., குறைவு எழுதிய தாள், பெட்டிகளின் போட்டோ, எடைக் குறிப்பு ஆகியவற்றின் நகல் இணைத்திருக்கிறேன். நகல் ஒன்று லாரி ஆபீஸுக்கும் அனுப்பப்படுகிறது.

தங்கள் அன்புள்ள,"

எழுதி முடித்துத் திரும்பப் படித்தபோது இரண்டு இடத்தில் மாற்றினேன். முதலில் "நீங்கள் 36 பெட்டிதான் அனுப்பினீர்கள்" என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு "எங்களுக்கு வந்தது 36 பெட்டி" என்று போட்டேன். சிவகாசியில் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. என் வாசலில் என்ன இறங்கியது என்பதைத்தான் பார்த்தேன். நான் பார்த்ததை அடித்துச் சொல்லலாம், யாரும் மறுக்க முடியாது. பார்க்காததைச் சொன்னால், அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிட அவருக்கு வழி கிடைத்துவிடும். அதனால்தான் எடைக் கணக்கை முடிக்கும் இடத்தில் "தோன்றுகிறது" என்று வைத்தேன். அந்த ஒரு சொல் வாதத்தைப் பலவீனப்படுத்தாது. கணக்கு அங்கேயே இருக்கிறது, அவரும் வகுத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, எனக்கு ஏற்பட்ட நஷ்டம். கோடு போடாத நோட்டு கணக்குப் பாடத்துக்குக் கேட்பார்கள். 240 நோட்டு குறைந்தால் ஜூன் முதல் வாரம் தாங்காது. உள்ளூர் மொத்தக் கடையில் விசாரித்தபோது 34 ரூபாய் என்றார்கள். அண்ணாச்சி விலை 30. நோட்டுக்கு நாலு ரூபாய் வீதம் 960 ரூபாய் கூடுதல். சரக்குத் தராமல் போனதால் வந்த நஷ்டம் என்று அதையும் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒரு பத்தி எழுதியும்விட்டேன். பிறகு எடுத்துவிட்டேன். பயந்து இல்லை. 8,064 ரூபாய் என்பது பில்லிலேயே இருக்கிற கணக்கு, அதில் பேச ஒன்றும் கிடையாது. 960 ரூபாய் பேச்சுவார்த்தைக்கு உரியது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால், பேசித் தீர்க்க வேண்டிய சின்னத் தொகை, பேச்சே தேவையில்லாத பெரிய தொகையையும் பிடித்து நிறுத்திவிடும். அப்பா காலத்து உறவையும் நினைத்துக்கொண்டேன், அதையும் மறைக்க வேண்டியதில்லை.

வாடகையைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றும் கேட்காததைப் பார்த்து, தம்பி ஏன் என்று கேட்டான். எடைக்கு வாடகை போட்டதால், வராத 4 பெட்டிக்கு நான் வாடகையே கட்டவில்லை. கட்டாததைக் கேட்டால் மற்றக் கணக்கின் மேலும் சந்தேகம் விழும்.

36 பெட்டிக்குப் பணம் அனுப்புகிறேன் என்று கடிதத்திலேயே சொன்னது எனக்கு முக்கியம். குறைவு வந்தால் முழுப் பில்லையும் நிறுத்தி வைத்து மிரட்டுவது கடைத்தெருவில் வழக்கமாகவே ஆகிவிட்டது. அது நியாயமும் இல்லை, சட்டமும் இல்லை. விற்பனைச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு சொல்வது இதுதான்: பேசியதைவிடக் குறைவாக வந்தால் மொத்தத்தையும் வேண்டாம் என்று திருப்பலாம், ஆனால் வந்ததை வைத்துக்கொண்டால், வைத்துக்கொண்டதற்குப் பேசிய விலையைக் கொடுத்தாக வேண்டும். நான் 36 பெட்டியை அலமாரியில் அடுக்கிவிட்டேன். அதற்குப் பணம் நிறுத்த எனக்கு வாய் கிடையாது.

கிரெடிட் நோட் விஷயத்தில் என் கணக்குப்பிள்ளை முதலிலேயே எச்சரித்திருந்தார். நாமே ஒரு டெபிட் நோட் எழுதி 8,064 ரூபாயைக் கழித்துக்கொண்டு அனுப்பலாமே என்று கேட்டேன். கழிக்கலாம், ஆனால் அது நமக்கும் அவருக்கும் உள்ள கணக்குத் தாள் மட்டுமே என்றார். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி வரியைக் குறைக்கும் கிரெடிட் நோட்டை விற்றவர்தான் தர வேண்டும். அவர் தராவிட்டால், போர்ட்டலில் அந்தப் பில் 40 பெட்டிக்கே நிற்கும், அவரும் 864 ரூபாய் வரியைச் சும்மா கட்டுவார். என் பக்கமும் ஒரு கட்டு உண்டு. கைக்கு வந்த சரக்குக்குத்தான் உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியும். ஜி.எஸ்.டி. பட்டியலில் 8,640 என்று காட்டினாலும் நான் எடுக்கக்கூடிய வரி 7,776 தான். ஒரே பில்லுக்குச் சரக்கு தவணை தவணையாக வந்தால், கடைசித் தவணை கைக்கு வந்த பிறகே வரவு எடுக்கலாம் என்றும் ஒரு விதி இருக்கிறது. அதனால், பெட்டி சீக்கிரம் வராது என்றால் கிரெடிட் நோட்டையே கேளுங்கள் என்றார். (அன்றைக்கு நோட்டுக்கு 12 சதவீத வரி. 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டுக்கு வரியே இல்லை என்பதால், இன்று இதே குறைவு வந்தால் இந்தப் பத்திக்கு வேலை இருக்காது.)

கடிதத்தை 17-ஆம் தேதி ராத்திரியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, திங்கள்கிழமை பதிவுத் தபாலிலும் போட்டேன். செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி போன் பண்ணினார். குரலில் வருத்தம் இருந்தது.

"என்னம்மா, லாரி ஆபீஸுக்கெல்லாம் நகல் போட்டிருக்க. எல்.ஆர்.ல நாப்பதுன்னு இருக்குல்ல? பில்லுல கீழ என்ன போட்டிருக்குன்னு பாத்தியா?"

"பாத்தேன் அண்ணாச்சி. கிடங்கை விட்டுப் போனதுக்குத்தான அந்த வரி? நாப்பதுக்குப் பக்கத்துல எடையும் இருக்கு. அதையும் ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்க. எம் மேல தப்பு இருந்தா நான் மொத்தப் பணத்தையும் அனுப்பிர்றேன்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பேப்பர் புரட்டும் சத்தம் கேட்டது. "பாத்துட்டுக் கூப்பிடுறேன்மா" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் அவரே கூப்பிட்டார். கிடங்கில் லோடு ஏற்றிய பையனின் சீட்டில் 26-உம் 10-உம் என்றுதான் இருந்திருக்கிறது. 13-ஆம் தேதி பில் போடும்போது கோடு போடாத நோட்டு 10 பெட்டிதான் பைண்டிங்கிலிருந்து வந்திருக்கிறது. மீதி 4 சாயங்காலம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் 14 என்று பில் போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் வரவில்லை. மறுநாள் காலையில் வண்டி அவசரத்தில் இருந்ததை ஏற்றிவிட்டார்கள். பில்லை யாரும் திருத்தவில்லை. அதற்கு அடுத்த நாள் வந்த நாலு பெட்டி மொத்த இருப்போடு சேர்ந்து வேறு கடைக்குப் போய்விட்டது. கிடங்குக் கணக்கு ஒரு நோட்டிலும் பில் கணக்கு கம்ப்யூட்டரிலும் இருந்ததால், என் கடிதம் போகும் வரை அந்த நாலு பெட்டி வித்தியாசம் யார் கண்ணிலும் படவில்லை.

"தப்பு நம்ம பக்கம்தாம்மா" என்றார். அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. எல்.ஆர். ரசீதில் இருந்த 40-ஐப் பிடித்துக்கொண்டே இழுத்தடித்திருக்கலாம். அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை அந்த நிமிஷத்தில் கூடத்தான் செய்தது.

பெட்டியா, கிரெடிட் நோட்டா என்று கேட்டார். பள்ளி திறக்கப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அவரிடம் அந்த ரகம் அடுத்த வாரம்தான் வரும் என்றார். நான் கிரெடிட் நோட் கேட்டேன். 22-ஆம் தேதி போட்டு அனுப்பிவிட்டார். மே மாதத்துக் கணக்கிலேயே அது ஏறியதால், ஜூன் 14-க்குப் பிறகு பட்டியலில் பில்லும் கிரெடிட் நோட்டும் ஒன்றாக வந்து, நிகர வரி 7,776 என்று சரியாக நின்றது. 72,576 ரூபாயை அதற்கு முன்பே கட்டிவிட்டேன். 240 நோட்டை உள்ளூரில் 34 ரூபாய்க்கு வாங்கினேன்.

லாரி ஆபீஸுக்கும் இரண்டு வரி எழுதிப் போட்டேன்: 17-5-2025 கடிதத்தில் கண்ட குறைவு அனுப்பியவர் பக்கம் தீர்ந்துவிட்டது, தங்கள் பேரில் எங்களுக்குக் கோரிக்கை எதுவும் இல்லை. அந்த டிரைவர் அடுத்த தடவை வந்தபோது, அவரை ஆபீஸில் யாரும் பெரிதாக எதுவும் கேட்கவில்லை என்று சொன்னார். தாளில் அவர் கையெழுத்து இருந்ததைக் காட்டியதும் விட்டுவிட்டார்களாம்.

அதற்கடுத்த லோடிலிருந்து அண்ணாச்சி வீட்டுப் பெட்டிகளில் மார்க்கர் பேனாவால் எண் போட்டு வருகிறது: 1/30, 2/30 என்று வரிசையாக. வண்டி புறப்படும் முன் கிடங்கிலிருந்து எனக்கு ஒரு போன் வரும். உருப்படி எத்தனை என்று சொல்வார்கள். எடை எவ்வளவு என்று நான் கேட்பேன்.